அத்தியாயம் 6: செட் போட்டு விற்பதும் மிச்சத்தை எடுத்துச் சொல்வதும்

கல்யாண சீசன் நெருங்கினால் பாத்திரக் கடை, வீட்டு உபயோகப் பொருள் கடை வாசலிலெல்லாம் ஒரு பேனர் ஏறிவிடும். 'புதுக்குடித்தன செட்', 'சீர்வரிசை பேக்கேஜ்', 'கிச்சன் காம்போ' என்று பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: நாலைந்து பொருளைச் சேர்த்து ஒரு விலை. பேனரில் கொட்டை எழுத்தில் ஒரு தொகை, பக்கத்தில் அதைவிடப் பெரிய தொகை ஒன்று அடிக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டு தொகையும் எப்படி வந்தன என்று கல்லாவில் இருப்பவரைக் கேட்டால், பாதிக் கடைகளில் "எதிர்க்கடையில் அப்படிப் போட்டிருக்காங்க" என்பதுதான் பதில்.

இந்த அத்தியாயத்தில் அந்த இரண்டு தொகையையும் கணக்குப் போட்டு எடுப்போம். ஒரே ஒரு செட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். விலைகள் உதாரணத்துக்காக வைத்தவை. உங்கள் கடை விலையை அந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி எதிலிருந்து வருகிறது

செட்டில் ஐந்து பொருள். மிக்சி 4,200 ரூபாய், டேபிள் டாப் கிரைண்டர் 5,200, மூன்று பர்னர் கேஸ் அடுப்பு 4,000, ஐந்து லிட்டர் குக்கர் 2,100, எவர்சில்வர் பாத்திர செட் 6,500. இவை உங்கள் கடையில் அன்றாடம் பில் போடும் விலை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. அல்ல. மொத்தம் 22,000. இவற்றை நீங்கள் வாங்கிய விலை வரிசையாக 3,500, 4,300, 3,100, 1,700, 4,900 என்று வைத்துக்கொண்டால் கொள்முதல் 17,500, நிற்பது 4,500. (இரண்டு பக்கமும் வரி சேர்ந்த தொகை. வரி போக லாபம் இன்னும் குறையும். நாம் செய்யப்போகும் ஒப்பீடு அதனால் தலைகீழாகாது.)

இங்கே வழக்கமாக நடப்பது இதுதான். "4,500 நிற்குது, 1,600 விட்டாலும் 2,900 கையில் இருக்கு, விட்டுடலாம்" என்று 20,400 ரூபாய்க்கு செட்டைப் போட்டுவிடுவார்கள். சீசன் முழுக்க செட் நன்றாகப் போகும். வருஷக் கணக்கு முடிக்கும்போது, விற்பனை ஏறியும் லாபம் ஏறவில்லையே என்று தலையைச் சொறிவார்கள்.

பிசகு எங்கே என்றால், 4,500 மொத்தத்தையும் செட் கொண்டுவந்த லாபமாக எண்ணியதில். செட் இல்லாவிட்டாலும் அந்த வாடிக்கையாளர் உங்களிடம் எதையாவது வாங்கியிருப்பார் அல்லவா? வீட்டு உபயோகக் கடைக்கு வருகிறவர் பெரும்பாலும் மிக்சி, கிரைண்டர், அடுப்பு மூன்றுக்கும் வருவார். குக்கரும் பாத்திரமும் பஜாரில் தனிப் பாத்திரக் கடையில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அவரிடம் அந்த மூன்றிலேயே உங்களுக்கு 700, 900, 900 என்று 2,500 ரூபாய் நின்றுவிடும். செட் போட்டதால் புதிதாக வருவது குக்கரிலும் பாத்திரத்திலும் நிற்கும் 2,000 மட்டுமே. தள்ளுபடியை இந்த 2,000 ரூபாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். 1,600 விட்டால் உங்களுக்குக் கூடுதலாக மிஞ்சுவது 400.

அதோடு முடியவில்லை. ஐந்தையும் உங்களிடமே வாங்குவது என்று பட்டியலோடு வருகிறவர்களும் உண்டு. பேனர் இல்லாவிட்டாலும் அவர்கள் 22,000 கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் 1,600 ரூபாயைச் சும்மா விடுகிறீர்கள். மூன்று பொருளுக்கு வந்தவரிடம் 400 லாபம், ஐந்து பொருளுக்கு வந்தவரிடம் 1,600 நஷ்டம். அதாவது, செட் வாங்குகிற ஐந்து பேரில் ஒருவர் 'எப்படியும் வாங்கியிருப்பவர்' ஆக இருந்தாலே மற்ற நால்வரிடம் சேர்த்தது கரைந்துபோகும். இரண்டு பேர் இருந்தால் கையைக் கடிக்கும்.

இப்போது தள்ளுபடியை 1,000 ஆக்கிப் பாருங்கள். செட் விலை 21,000. மூன்றுக்கு வந்தவரிடம் கூடுதலாக 1,000 நிற்கிறது. ஐந்துக்கு வந்தவரிடம் 1,000 போகிறது. பாதிக்குப் பாதி வந்தால்கூட நட்டமில்லை. 600 ரூபாய் குறைத்ததில் கணக்கு எவ்வளவு தெம்பாகிவிட்டது பாருங்கள். இதற்காகத்தான் செட்டில் சேர்க்கிற கூடுதல் பொருளில் நல்ல மார்ஜின் இருக்க வேண்டும் என்பது. எவர்சில்வரில் நிற்பது மிக்சியில் நிற்பதில்லை. பிராண்டு மிக்சியைக் கூடுதல் பொருளாக வைத்து, பாத்திரம் வாங்க வந்தவருக்கு செட் போடும் கடைக்கு விட்டுக்கொடுக்க 700 ரூபாய்தான் இருக்கும். அதில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

வந்தவர் மூன்றுக்கு வந்தாரா, ஐந்துக்கு வந்தாரா என்று எப்படித் தெரியும்? கேட்டால் தெரியும். ஆனால் செட்டைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். "என்னென்ன பார்க்க வந்தீங்கம்மா?" என்று கேட்டு, அவர் சொன்னதை எஸ்டிமேட் தாளில் எழுதிக்கொள்ளட்டும் விற்பனைப் பையன். கடைசியில் செட் எடுத்தால், தாளின் மூலையில் 3 அல்லது 5 என்று ஓர் எண். வாரக் கடைசியில் அந்தத் தாள்களை எண்ணிப் பாருங்கள். ஐந்துகள் பாதியைத் தாண்டினால் உங்கள் செட் புது வியாபாரம் கொண்டுவரவில்லை, பழைய வியாபாரத்துக்குத் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருக்கிறது. அப்போது தள்ளுபடியைக் குறையுங்கள், அல்லது ஐந்துக்கு வருகிறவரும் வாங்க நினைத்திராத பொருள் ஒன்றை ஆறாவதாகச் சேர்த்துப் பாருங்கள்.

எந்தத் தொகையை அடித்துக் காட்டுவது

ஐந்து பெட்டிகளிலும் உள்ள எம்.ஆர்.பி.யைக் கூட்டினால் 28,500 வரும் என்று வைப்போம். '28,500 மதிப்புள்ள செட் 21,000 ரூபாய்க்கு! 7,500 ரூபாய் மிச்சம்!' என்று பேனர் அடிக்கக் கை துறுதுறுக்கும். அடிக்காதீர்கள். மிக்சியை எம்.ஆர்.பி.க்கு யாரும் விற்பதில்லை என்பது கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா போன வாரம் எதிர்க்கடையில் அதே மிக்சியை 4,250 என்று கேட்டுவிட்டுத்தான் உங்கள் படி ஏறியிருப்பார். 7,500 என்றதும் 'இவன் கதை விடுறான்' என்று முடிவு செய்துவிடுவார். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையான 1,000 ரூபாயும் எடுபடாது.

ஆகவே அடித்துக் காட்டும் தொகை, அதே பொருளை இன்று தனியாகக் கேட்டால் நீங்கள் பில் போடும் விலையாக இருக்கட்டும். அந்த விலை அலமாரியில் ஒவ்வொரு பொருளின் மேலும் ஒட்டியிருக்க வேண்டும். செட்டுக்காகத் தனி விலையை ஏற்றி ஒட்டுகிற வேலையும் வேண்டாம். மிக்சி மட்டும் வாங்க வந்தவரை அந்த ஏற்றிய விலை விரட்டிவிடும்; இழப்பு உங்களுக்குத்தான்.

'குக்கர் இலவசம்' என்று போடலாமா? வாடிக்கையாளரைச் சட்டென்று இழுப்பது இந்த வார்த்தைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குக்கரின் விலை செட் விலைக்குள் முழுதாகவோ பாதியாகவோ ஒளிந்திருக்கும்போது அதை இலவசம் போலக் காட்டுவதை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. நம் செட்டில் தள்ளுபடி 1,000, குக்கர் விலை 2,100. அது இலவசமே இல்லை. 'குக்கர் 1,100 ரூபாய்க்கு' என்று சொல்வதிலும் ஒரு வம்பு உண்டு. "அப்ப குக்கர் மட்டும் 1,100க்குக் குடுங்க" என்று அடுத்த நிமிஷமே கேட்பார்கள், கேட்பதில் தவறும் இல்லை.

அதே சட்டம் சொல்லும் இன்னொன்று: ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவேன் என்று கட்டாயப்படுத்துவது கூடாது. செட்டில் உள்ள ஒவ்வொன்றும் தனியாகவும் கிடைக்க வேண்டும். சீசனில் சரக்குக் குறையும்போது "அந்த அடுப்பு செட்டுக்குத்தான் சார் வெச்சிருக்கோம்" என்று பையன்கள் சொல்லிவிடுவார்கள். முன்கூட்டியே தடுத்து வையுங்கள். வேண்டாத சேனல்களையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்த கேபிள் பேக்கேஜ் மீது வீட்டுக்கு வீடு இருந்த எரிச்சலை நினைத்துக்கொண்டால், இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதில்லை என்பது புரியும்.

வாடிக்கையாளர் முன்னால் கணக்குப் போடுவது

மிச்சத்தை நீங்கள் அறிவிப்பதைவிட, வாங்குகிறவர் கண் முன்னால் அது கூடி வருவது மேல். முறை இது. முதலில் அவர் கேட்ட பொருளைக் காட்டி, பிடித்ததை முடிவு செய்ய வையுங்கள். ஒவ்வொன்று முடிவானதும் தாளில் விலையை எழுதுங்கள். பொருள் பிடிக்கிறதா என்று தெரியும் முன்பே செட் விலையைச் சொன்னால் பேச்சு முழுக்க விலையாகிவிடும். மிக்சியில் எத்தனை ஜார் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். மூன்றும் முடிந்து 13,400 என்று கூட்டிய பிறகு செட்டை எடுங்கள்.

"அம்மா, நீங்க எடுத்தது மூணும் 13,400 வருது. பாத்திரமும் குக்கரும் இனிமேதான் எடுக்கணுமா?"

"பாத்திரம் பஜார்ல எடுத்துக்கலாம்னு இருக்கோம் தம்பி."

"தாராளமா எடுங்கம்மா. நம்மகிட்ட இருக்கிறதையும் ஒருதரம் பாத்துட்டுப் போங்க. இந்தப் பாத்திர செட் 6,500, குக்கர் 2,100. எல்லாம் சேர்த்து 22,000. அஞ்சையும் ஒண்ணா எடுத்தா 21,000 போடறோம். ஆயிரம் ரூபா உங்களுக்கு மிச்சம்."

"குக்கர் எங்க அண்ணன் சீர்ல தர்றார்ப்பா."

இந்த இடத்தில்தான் செட் விற்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் பிரிவார்கள். "இருக்கட்டும்மா, ரெண்டு குக்கர் இருந்தா நல்லதுதானே" என்பது சோம்பேறிப் பதில். அந்த அம்மாவின் கணக்கைப் பாருங்கள். அவருக்கு வேண்டிய நான்கும் தனித்தனியாக 19,900. செட் 21,000. ஆயிரம் மிச்சம் என்று நீங்கள் சொன்ன செட்டில் அவர் கையிலிருந்து 1,100 கூடுதலாகப் போகிறது, தேவைப்படாத ஒரு குக்கருக்காக. இதை அவர் வாசல் தாண்டுவதற்குள் கணக்குப் போட்டுவிடுவார். வேண்டாத பொருளின் விலையை மிச்சத்தில் சேர்த்துச் சொல்லும் பேனர்கள் தோற்பது இதனால்தான்.

இதற்கு மாற்றுப் பட்டியல் ஒன்று தயாராக இருக்க வேண்டும். குக்கருக்குப் பதில் இட்லிப் பானையும் ஹாட் பாக்ஸும், அல்லது நான்ஸ்டிக் தவாவும் கடாயும். மாற்றுப் பொருளை விலையை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். நிற்கும் தொகையைப் பாருங்கள். குக்கரில் 400 நின்றது. மாற்றாகத் தரும் பொருளும் ஏறக்குறைய 2,100 விலையில், 400க்குக் குறையாமல் நிற்க வேண்டும். 2,100 ரூபாய் விலையில் 150 மட்டுமே நிற்கும் இண்டக்‌ஷன் அடுப்பை மாற்றாகக் கொடுத்தால், கூடுதலாக வந்த ஆயிரத்தில் கால்வாசி அந்த இடத்திலேயே போய்விடும். இரண்டு மூன்று மாற்றுக்கு மேல் வேண்டாம்; பையனுக்கு மனப்பாடமாக இருக்கும் அளவே போதும். எதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னால் நான்கையும் 19,900க்குப் பில் போட்டுவிடுங்கள். பாத்திரம் உங்களிடமே வந்துவிட்டது, தள்ளுபடியும் மிச்சம்.

இன்னொரு சின்ன விஷயம். 22,000க்கு 1,000 என்பது நாலரை சதவீதம். சதவீதமாகச் சொன்னால் சப்பென்று இருக்கும். 'ஆயிரம் ரூபாய்' என்றால் கல்யாணச் செலவுக் கணக்கில் ஒரு வரி அடங்குகிறது. பெரிய தொகையில் ரூபாயாகவே சொல்லுங்கள்.

பேரம் ஆயிரத்தில் நிற்காது, "இன்னும் ஐந்நூறு குறைங்க" என்பார்கள். அதற்குப் பதில், செலவு குறைந்த சேவை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து அடுப்பை மாட்டித் தருவது ஒன்று. பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவது இன்னொன்று. பெயர் வெட்டுகிறவருக்கு நீங்கள் மொத்தமாகப் பேசிக் கொடுக்கும் கூலி ஐந்நூறைவிட வெகு குறைவு. பெண் வீட்டாருக்கோ அது தனியாக அலைய வேண்டிய வேலை. ஒரே எச்சரிக்கை: பெயர் வெட்டிய பாத்திரம் திரும்ப வந்தால் வேறு யாருக்கும் விற்க முடியாது. நசுங்கல் இருக்கிறதா, மூடி சரியாக உட்காருகிறதா என்று வாங்குகிறவரே ஒவ்வொன்றாகப் பார்த்து, பெயரின் எழுத்துகளைத் தாளில் தன் கையால் எழுதிக் கொடுத்த பிறகுதான் மெஷின் வைக்க வேண்டும்.

பில் போடும் விதம்

செட் விற்றதும் 'புதுக்குடித்தன செட் - 1 - 21,000' என்று ஒரே வரியில் பில் போடுவது சுலபம். ஜி.எஸ்.டி.யில் அது விலையுயர்ந்த சுலபம். வெவ்வேறு வரி விகிதமுள்ள, ஒன்றோடொன்று இயல்பாகச் சேர்ந்துவராத பொருள்களை ஒரே விலைக்குக் கொடுத்தால் அதைக் கலப்பு வழங்கல் என்கிறது 2017ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டம். அதன் 8ஆவது பிரிவின்படி, உள்ளே இருப்பவற்றில் எதற்கு அதிக வரியோ அந்த விகிதம் மொத்தத்துக்கும். மிக்சிக்கு 18 சதவீதம். எவர்சில்வர் பாத்திரத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஒரே விலை போட்டால் பாத்திரமும் 18க்கு ஏறிவிடும். செட்டில் பாத்திரத்தின் பங்கு சுமார் 6,200 ரூபாய் என்றால், அதற்குள் அடங்கிய வரி 295 ரூபாயிலிருந்து 946 ரூபாயாகிறது. 21,000ஐ ஏற்ற முடியாது, ஆகவே வித்தியாசமான 650 ரூபாய் உங்கள் பையிலிருந்துதான் போகும். மூன்றுக்கு வந்தவரிடம் அரும்பாடுபட்டுச் சேர்த்த ஆயிரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அது.

அதனால் ஐந்து பொருளையும் ஐந்து வரியாக, தனித்தனி விலையோடு எழுதி, 1,000 ரூபாய் தள்ளுபடியை விலைக்கேற்பப் பிரித்து, அந்தந்த வரியிலேயே கழித்துக் காட்டுங்கள்:

மிக்சி: 4,200 – 191 = 4,009
கிரைண்டர்: 5,200 – 236 = 4,964
கேஸ் அடுப்பு: 4,000 – 182 = 3,818
குக்கர்: 2,100 – 95 = 2,005
பாத்திர செட்: 6,500 – 296 = 6,204
மொத்தம்: 21,000

ஒவ்வொரு வரிக்கும் அதனதன் வரி விகிதம். பில்லில் பதிவான தள்ளுபடி வரி கணக்கிடும் மதிப்பிலிருந்து கழிந்துவிடும். பேனரிலும் வெறும் 21,000 என்று போடாமல், பொருள்களின் விலையைப் போட்டு 'ஐந்தும் சேர்த்து எடுத்தால் 1,000 தள்ளுபடி' என்று போட்டால் பில்லும் பேனரும் ஒத்துப்போகும். முதல் பில்லின் மாதிரியை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகள் மொத்த விற்பனையில் 1 சதவீதம்தான் கட்டுகின்றன என்பதால் இந்த வரித் தொல்லை அவர்களுக்கு இல்லை. ஆனாலும் ஐந்து வரிப் பில் அவர்களுக்கும் வேண்டும், வேறு காரணத்துக்காக.

கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் கிரைண்டரைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கும். எவ்வளவு திருப்பித் தருவது? அவர் 5,200 என்பார், ஏனென்றால் அலமாரியில் அதுதான் ஒட்டியிருக்கிறது. ஐந்து வரிப் பில் இருந்தால் 4,964 என்று அதிலேயே இருக்கிறது; வாய்ப்பேச்சுக்கு இடமில்லை. ஒன்று திரும்பினால் செட் கலைந்ததாகக் கொண்டு முழு ஆயிரத்தையும் பிடிக்கும் கடைகளும் உண்டு. அப்படிப் பிடிப்பதானால் 4,200தான் திரும்பும். அது நியாயமில்லை என்பது என் கட்சி. பிடித்தே ஆக வேண்டுமென்றால், வாங்கும்போதே பில்லின் கீழே தமிழில் எழுதி, வாயாலும் சொல்லிவிட வேண்டும்.

சீசன் நடுவில்

செட் கெடுவது பெரும்பாலும் தொடங்கிய மூன்றாம் நான்காம் வாரத்தில். ஐந்தில் ஒன்று தீர்ந்துவிடும், டீலர் 'அடுத்த வாரம்' என்பார். கையிருப்பு என்பது ஐந்தில் எது குறைவோ அதுதான். குக்கர் 12 இருந்து மிக்சி 40 இருந்தால் உங்களிடம் இருப்பது 12 செட். தீர்ந்துபோனதற்குப் பதில் ஓடாமல் கிடக்கும் பழைய மாடலைத் திணிப்பது அடுத்த தவறு. மாப்பிள்ளை வீட்டில் நாலு பேர் பார்க்கும் சீர்ப் பொருள் அது. தூசு தட்டிய பெட்டியின் நிறம் மங்கியிருப்பதை முதலில் கவனிப்பது சம்பந்தியம்மாதான்.

ஆடியில் செட் போடுகிற கடைகள் ஆவணி முகூர்த்தங்களைக் குறிவைக்கின்றன. பணம் கட்டுவது ஆடியில், டெலிவரி கேட்பது ஆவணியில். இடையில் கம்பெனி மிக்சி விலையை ஏற்றினால்? முன்பணம் வாங்கிய செட்டுகளுக்குப் பொருளை உடனே எடுத்துப் பெயர் ஒட்டி ஒதுக்கி வைத்துவிடுங்கள். அவர்களுக்குப் பழைய விலைதான். புதிதாக வருகிறவர்களுக்கு, பேனரில் 'இந்தத் தேதி வரை' என்று போட்டிருந்தால் அந்தத் தேதி வரை அதே விலையில் கொடுத்தாக வேண்டும். அதனால் தேதியை ஒரே மூச்சில் சீசன் முழுவதுக்கும் போடாமல் பதினைந்து நாளுக்குப் போடுங்கள். பதினைந்தாம் நாள் கொள்முதல் விலைகளை எடுத்து, கூடுதல் பொருளில் இப்போது எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, எஸ்டிமேட் தாள்களின் மூலையில் மூன்று எத்தனை, ஐந்து எத்தனை என்று எண்ணி, அதற்கப்புறம் அடுத்த பேனருக்கு ஆர்டர் கொடுங்கள்.